"எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம் சார்?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு

பதிவு கொஞ்சம் நீளம். கடையோ தொழிலோ வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள். மற்றவர்கள் காபி குடித்துவிட்டு வரலாம்.

பணி ஓய்வு பெற்ற பிறகு ஆறு வருடமாக என் மருமகனின் தையல் தொழிலுக்குக் கணக்கு எழுதுவது நான்தான். அது தெரிந்ததிலிருந்து பழைய மாணவர்கள் போன் போட்டால் நலம் விசாரித்த அடுத்த நிமிடமே ஒரு கேள்வி வரும். "சார், பில் போட எந்த சாஃப்ட்வேர் நல்லா இருக்கும்?" நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன். "கடைசியா போட்ட மூணு பில்லை போட்டோ எடுத்து அனுப்புப்பா." பலருக்கு இது பிடிப்பதில்லை. கேட்டதற்கு நேரடியாக ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போகலாமே என்று நினைக்கிறார்கள்.

பெயரைச் சொல்வதில் எனக்குக் கஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு பில்லில் என்னென்ன இருக்க வேண்டும், எது எதனால் இருக்க வேண்டும் என்று தெரியாதவர் கையில் எந்த சாஃப்ட்வேரைக் கொடுத்தாலும் அது தப்பான பில்லைத்தான் அழகாக அச்சடித்துத் தரும். கையால் எழுதிய தப்பைப் பார்த்தால் யாருக்காவது சந்தேகம் வரும். அச்சில் வந்த தப்பை யாரும் சந்தேகப்படுவதில்லை. போன வருடம் இதை நேரில் பார்த்தேன். பெயரில்லாமல் சொல்கிறேன். அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

நம் தளவாய்புரம் பக்கம் நைட்டித் தொழில் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன் பத்து மெஷின் போட்டு நைட்டி தைத்து அனுப்புகிறான். ராஜபாளையம், தென்காசி என்று உள்ளூருக்குள் விற்றுக்கொண்டிருந்தவனுக்குக் கொல்லத்தில் ஒரு கடை கிடைத்தது. வேற்று மாநிலத்துக்குச் சரக்கு விற்பதென்றால் விற்பனை எவ்வளவு சிறியதானாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். அதை ஒழுங்காக எடுத்தான். போனில் ஒரு பில் போடும் செயலியையும் இறக்கிக்கொண்டான். பில்லும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மேலே கடைப் பெயர், ஓரத்தில் ஒரு பூ, கீழே "மீண்டும் வருக".

முதல் பில்லின் கணக்கு இது. 200 நைட்டி, ஒன்று 180 ரூபாய், மொத்தம் 36,000. மொத்தமாக எடுத்ததற்காக 1,000 தள்ளுபடி. மீதி 35,000-க்கு 5 சதவீத வரி 1,750. ஆக 36,750 ரூபாய். செயலி அந்த 1,750-ஐ இரண்டாகப் பிரித்து சிஜிஎஸ்டி 875, எஸ்ஜிஎஸ்டி 875 என்று போட்டது. கூட்டல் சரி, சதவீதம் சரி, மொத்தமும் சரி. ஆனால் பில் தப்பு.

தமிழ்நாட்டுக்குள் விற்றால் வரியில் பாதி மத்திய அரசுக்கு, பாதி தமிழ்நாட்டுக்கு. அதுதான் அந்த இரண்டு 875. சரக்கு மாநிலம் தாண்டிப் போனால் ஐஜிஎஸ்டி என்று ஒரே தொகையாக 1,750 போட வேண்டும். வாங்கும் மாநிலத்துக்கு உரிய பங்கை அதிலிருந்து பிறகு அரசுகள் பிரித்துக்கொள்ளும். தொகை இரண்டிலும் ஒன்றுதானே, என்ன நஷ்டம் என்று அவனும் என்னிடம் கேட்டான்.

நஷ்டம் கொல்லத்துக்காரருக்கு முதலில் தெரிந்தது. அவர் இந்த 1,750-ஐ நம் பையனிடம் கொடுத்துவிட்டு, தான் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்வார். அப்படிக் கழிக்க அவருக்கு ஒரு பட்டியல் மாதாமாதம் வரும், ஜிஎஸ்டிஆர்-2பி என்று. அதில் நம் பையனின் பில் இருந்தது, ஆனால் "கழிக்க முடியாது" என்ற பகுதியில் இருந்தது. விற்பவர் மாநிலமும் விற்பனை நடந்த மாநிலமும் தமிழ்நாடு, வாங்குபவரோ கேரளா. கேரளக் கடைக்காரர் தமிழ்நாட்டின் பங்கை எப்படிக் கழிக்க முடியும்? அவர் பேசாமல் அடுத்த தவணையில் வரித்தொகையைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பினார். அதற்குள் அந்தக் காலாண்டில் கொல்லத்துக்கு மட்டும் எட்டு பில் போயிருந்தது. பிடித்த பணம் ஏறக்குறைய 14,000.

ஒரு நைட்டிக்கு எல்லாச் செலவும் போக அவனுக்கு நிற்பது பன்னிரண்டு ரூபாய். 14,000-ஐப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். ஆயிரத்து நூற்றுச் சொச்சம் நைட்டியின் உழைப்பு அது.

தீர்வு இருக்கிறது. அடுத்த ஜிஎஸ்டிஆர்-1 அறிக்கையில் எட்டு பில்லுக்கும் திருத்தம் போட்டு, விற்பனை நடந்த மாநிலம் கேரளா என்று மாற்ற வேண்டும். சரியான தலைப்பில், அதாவது ஐஜிஎஸ்டியாக, வரியை மறுபடி கட்ட வேண்டும். தப்பான தலைப்பில் முன்பு கட்டியதைத் திருப்பிக் கேட்க வேண்டும். ஜிஎஸ்டி சட்டத்தின் 77-ஆவது பிரிவு இதற்காகவே இருக்கிறது. இப்படி இடம் மாறிக் கட்டியதற்கு வட்டி கிடையாது. சரியான வரியைக் கட்டிய நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் போதும். சட்டம் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் திரும்பி வரும்வரை இன்னொரு 14,000-க்கு அவன் எங்கே போவான்? துணி வாங்க வைத்திருந்த பணம் அங்கே போனது. ஆடிட்டர் அலுவலகத்துக்குத் தனிச் செலவு வேறு.

சரி, செயலி ஏன் அப்படிச் செய்தது? வாடிக்கையாளரைச் சேர்க்கும்போது அவன் பெயரையும் போன் நம்பரையும் மட்டும் போட்டான். மாநிலம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டான். காலியாக இருந்தால் விற்பவரின் மாநிலத்தையே எடுத்துக்கொள்ளும்படி அந்தச் செயலியை அமைத்திருந்தார்கள். கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. நல்ல சாஃப்ட்வேருக்கும் மோசமானதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் இந்த இடத்தில்தான் பார்க்கிறேன். எத்தனை வண்ணத்தில் பில் வரும் என்பதில் இல்லை. எந்த இடத்தில் நின்று "இது இல்லாமல் மேலே போகமாட்டேன்" என்று சொல்கிறது என்பதில்தான் இருக்கிறது.

இந்தத் தப்பைக் கண்டுபிடிக்க சாஃப்ட்வேர்கூட வேண்டாம், வாங்குபவரின் ஜிஎஸ்டி எண்ணைப் படிக்கத் தெரிந்தால் போதும். அது 15 எழுத்து. இப்படி இருக்கும்:

```
32 ABCDE1234F 1 Z ?
```

முதல் இரண்டு இலக்கம் மாநிலம். தமிழ்நாட்டுக்கு 33, கேரளாவுக்கு 32. அடுத்த பத்தும் அவருடைய பான் எண். அதற்கடுத்தது அதே பான் எண்ணில் அந்த மாநிலத்தில் எத்தனையாவது பதிவு என்பது. பிறகு பொதுவாக Z. கடைசியில் நான் கேள்விக்குறி போட்டிருக்கும் இடத்தில் வருவது சோதனை எழுத்து. அது முந்தைய 14 எழுத்துகளிலிருந்து ஒரு கணக்குப் போட்டு வருவிப்பது. நடுவில் ஒரு எழுத்தைத் தப்பாக அடித்தால் கடைசி எழுத்து பொருந்தாது. கணக்கு வாத்தியாருக்கு இதைவிட மகிழ்ச்சியான ஏற்பாடு உண்டா?

ஆகவே, 32-ல் தொடங்கும் எண்ணை எழுதிவிட்டுக் கீழே எஸ்ஜிஎஸ்டி என்று இருந்தால், உடனே நின்று பாருங்கள். நம் பையன் அந்த எண்ணைப் பில்லில் போட்டிருந்தால் எட்டு பில்லில் ஒன்றிலாவது யார் கண்ணிலாவது பட்டிருக்கும். அவன் ஆடிட்டர் அலுவலகத்துக்கு வாட்ஸ்அப்பில் தனியாக அனுப்பினான். பில்லில் போடவில்லை.

ஜிஎஸ்டி விதிகளில் 46-ஆவது விதி ஒரு வரி பில்லில் இருக்க வேண்டியதைச் சொல்கிறது. ஒன்று விடாமல் சொன்னால் தூங்கிவிடுவீர்கள். பாதிக்கு மேல் உங்களுக்குத் தெரிந்ததுதான். விற்பவர், வாங்குபவர் இருவரின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண். தேதி. சரக்கின் விவரம், எத்தனை, என்ன விலை. தள்ளுபடி போக மிஞ்சிய தொகை. வரி எத்தனை சதவீதம், எவ்வளவு ரூபாய். கையொப்பம். சரக்குக்கு ஒரு எச்எஸ்என் எண்ணும் உண்டு. நெய்த துணி நைட்டிக்கு 6208, பின்னலாடையானால் 6108. வருட விற்பனை 5 கோடிக்குள் இருப்பவர்கள் பதிவு பெற்ற கடைக்குப் பில் போடும்போது இந்த நான்கு இலக்கம் போதும். எதிர்வரி முறையில் வரி கட்ட வேண்டுமா இல்லையா என்றும் ஒரு வரி வர வேண்டும். நம் ஆட்களுக்குப் பெரும்பாலும் "இல்லை".

எல்லோரும் தடுமாறும் இரண்டு இடங்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒன்று, விற்பனை நடந்த இடம். திரையில் Place of Supply என்று வரும். மாநிலம் தாண்டும் பில்லில் மாநிலத்தின் பெயரோடு இது இருந்தே ஆக வேண்டும். சரக்கைப் பொறுத்தவரை, அதன் பயணம் எங்கே முடிகிறதோ அதுதான் இடம். யார் கொண்டுபோனார்கள் என்பது முக்கியமில்லை. கொல்லத்துக்காரர் தன் சொந்த வேனில் செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக வந்து, தளவாய்புரத்தில் பணம் கொடுத்து, சரக்கை ஏற்றிக்கொண்டு கொல்லம் போனாலும் இடம் கேரளாதான். "அவரே வந்து வாங்கினாரே, அப்ப லோக்கல்தானே சார்" என்று இருவர் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். இல்லை.

இரண்டு, பில் எண். தொடர்ச்சியாக வர வேண்டும், 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு நிதியாண்டில் ஒரே எண் இரண்டு முறை வரக்கூடாது. எழுத்து, எண், சிறு கோடு, சாய்கோடு ஆகியவை மட்டும். மருமகன் பில்லில் இப்படிப் போடுகிறேன்:

```
TPM/25-26/0047
```

எண்ணிப் பாருங்கள், 14 எழுத்து. ஏப்ரல் முதல் தேதி வந்தால் நடுவில் உள்ள வருடம் மாறும், கடைசி எண் 0001-க்குத் திரும்பும். வீட்டில் கம்ப்யூட்டர், குடோனில் பில் புத்தகம் என்று இரண்டு இடத்தில் பில் போடுபவர்கள் முன்னால் வேறு வேறு எழுத்து வைத்து இரண்டு வரிசையாக நடத்தலாம், விதி அனுமதிக்கிறது. ஒரே வரிசையை இரண்டு இடத்தில் ஓட்டினால்தான் 47 இரண்டு வந்து நிற்கும்.

தப்பாகப் போட்ட பில்லைக் கிழிக்காதீர்கள். ரத்து என்று எழுதி மூன்று நகலையும் புத்தகத்திலேயே விடுங்கள். சரக்குக்கு மூன்று நகல்: வாங்குபவருக்கு அசல், வண்டிக்கு இரண்டாவது, நமக்கு மூன்றாவது. எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை பில் போட்டீர்கள், நடுவில் எத்தனை ரத்து என்று ஜிஎஸ்டிஆர்-1-இல் தனியாகவே ஒரு அட்டவணை கேட்கிறது. எண் விடுபட்டால் பில் போட்டு மறைத்தார்களோ என்ற கேள்வி வரும். சாஃப்ட்வேரில் இது இன்னும் முக்கியம். சில செயலிகளில் பழைய பில்லைத் திறந்து தொகையை மாற்றலாம், அழிக்கவும் செய்யலாம், ஒரு தடயமும் இருக்காது. கடைப்பையன் 3,000 ரூபாய் பில்லை வசூலித்துவிட்டு இரவில் அழித்துவிட்டால் முதலாளிக்குத் தெரியவே வராது. கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் இதற்குச் சட்டமே வந்துவிட்டது. கணக்கு எழுதும் சாஃப்ட்வேர் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிந்து வைக்க வேண்டும், அந்த வசதியை நிறுத்திவைக்க முடியக்கூடாது. தனி ஆளாகத் தொழில் நடத்தும் நம் பிள்ளைகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனாலும் வாங்கும்போது கேளுங்கள்: யார், எப்போது, எதை மாற்றினார் என்று காட்டுமா?

இனி சாஃப்ட்வேருக்குப் பரீட்சை. காசு கட்டும் முன் சோதனைக் காலத்தில் மூன்று பில் போட்டுப் பாருங்கள் என்பது என் யோசனை. ராஜபாளையம் கடைக்கு ஒன்று, கொல்லத்துக்கு ஒன்று. ஒன்றில் இரண்டு வரியாகவும் மற்றதில் ஒன்றாகவும் தானாக வருகிறதா? வாங்குபவரின் ஜிஎஸ்டி எண்ணில் வேண்டுமென்றே ஒரு எழுத்தை மாற்றி அடித்துப் பாருங்கள். சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டால் அந்தச் செயலிக்கு அங்கேயே பாதி மதிப்பெண் போய்விட்டது.

மூன்றாவது, திரும்பி வந்த சரக்கு. இங்கேதான் பல பேர் தோற்கிறார்கள். மேலே சொன்ன 200 நைட்டியில் 20 தையல் பிரிந்து திரும்பி வந்ததாக வைத்துக்கொள்வோம். பழைய பில்லைத் திருத்தி 180 நைட்டி என்று ஆக்கக்கூடாது. அந்தப் பில் வாங்குபவர் கையிலும் அரசின் கணக்கிலும் ஏற்கனவே இருக்கிறது. கிரெடிட் நோட் என்று தனிச் சீட்டு போட வேண்டும். அதற்கு வேறு வரிசை எண், பழைய பில்லின் எண்ணும் தேதியும் அதில் குறிப்பாக வர வேண்டும். எவ்வளவு ரூபாய்க்கு? 20 பெருக்கல் 180, 3,600 என்று சொல்பவர்கள் பெஞ்சு மேல் ஏறுங்கள். தள்ளுபடி 1,000 கொடுத்தோமே! 35,000-ஐ 200-ஆல் வகுத்தால் ஒரு நைட்டி உண்மையில் விற்றது 175-க்கு. ஆகவே 3,500, அதற்கு ஐஜிஎஸ்டி 175, மொத்தம் 3,675. சாஃப்ட்வேர் 3,600 என்று காட்டி அதன்மேல் 180 வரி போட்டால், 105 ரூபாய் சும்மா போகிறது. ஒரு முறை போனால் 105. மாதம் நாலு முறை சரக்கு திரும்பும் தொழிலில் வருடத்துக்கு என்ன ஆகும் என்பதை வீட்டுப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மூன்றையும் சரியாகச் செய்துவிட்டால், பிறகு ஒரே ஒரு கேள்வி: என் கணக்கு என்னிடம் திரும்பி வருமா? எல்லா பில்லையும் எக்செல் கோப்பாக மொத்தமாக இறக்க முடிய வேண்டும். வருடச் சந்தா கட்டாமல் விட்டால் பழைய பில்லைப் பார்க்கவாவது முடியுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆண்டு அறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆறு வருடம் ஒரு போன் யாரிடமாவது உடையாமல் இருந்திருக்கிறதா?

பில் போடும் சாஃப்ட்வேர் வேறு, கணக்கு எழுதும் சாஃப்ட்வேர் வேறு என்பதையும் பலர் பிரித்துப் பார்ப்பதில்லை. முதலாவது பில்லை அச்சிட்டு, யார் பாக்கி என்று காட்டும். இரண்டாவது வாங்கிய துணி, தையல் கூலி, வங்கிக் கணக்கு, குடோனில் இருக்கும் சரக்கு, கட்ட வேண்டிய வரி, கழிக்க வேண்டிய வரி எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும். டேலி இரண்டாவது வகை. பெங்களூரில் 1986-இல் ஒரு அப்பா தன் தொழிலுக்குச் சரியான கணக்கு சாஃப்ட்வேர் கிடைக்கவில்லை என்று மகனை எழுதச் சொல்லிப் பிறந்தது அது. கம்ப்யூட்டரிலேயே இருக்கும், இன்டர்நெட் போனாலும் ஓடும், டேலி தெரிந்த பிள்ளைகள் நம் பக்கம் கிடைப்பார்கள். ஆனால் தெரியாதவர் தானே உட்கார்ந்து கற்பது சிரமம். ஜோஹோவில் இன்வாய்ஸ் என்பது பில்லுக்கு மட்டும், காசில்லை. புக்ஸ் என்பது முழுக் கணக்குக்கு. இரண்டும் இன்டர்நெட் வழியாக. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் அவர்கள் அலுவலகம் இருக்கிறது என்பதால் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு பாசம். பாசம் இருக்கட்டும், பரீட்சை அவர்களுக்கும் உண்டு. வியாபார் போல போனிலேயே ஓடுபவையும் இருக்கின்றன. எதை எடுத்தாலும் மேலே சொன்ன மூன்று பில்லைப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்வேன், சாஃப்ட்வேர் விற்பவர்கள் கோபித்துக்கொள்ளட்டும். மாதம் இருபது பில்தான், நாலைந்து வாடிக்கையாளர்தான் என்றால் உங்களுக்கு இப்போது சாஃப்ட்வேரே வேண்டாம். 46-ஆவது விதிப்படி கட்டம் போட்டு அச்சடித்த பில் புத்தகம் போதும். கம்ப்யூட்டரில்தான் பில் போட வேண்டும் என்று சட்டம் சின்னவர்களைக் கேட்கவில்லை. அரசுத் தளத்தில் பதிந்து எண் வாங்கும் மின் பில் 2023 ஆகஸ்ட் முதல் 5 கோடிக்கு மேல் விற்பவர்களுக்குத்தான் கட்டாயம். "யார் எனக்கு எவ்வளவு தர வேண்டும்?" என்ற கேள்விக்குப் புத்தகத்தைப் புரட்டி அரை மணி நேரத்துக்குள் பதில் சொல்ல முடியாத நாள் வரும். அன்றைக்கு வாங்குங்கள்.

ஜிஎஸ்டி பதிவே இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எலக்ட்ரிகல் வேலை செய்யும் என் தம்பி மகன் போன்றவர்கள், சேவைத் தொழிலில் வருடம் 20 லட்சத்துக்குள் இருப்பவர்கள், பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய்கூட வசூலிக்கக்கூடாது. செயலியில் இருக்கும் மாதிரிப் பில் தலைப்பில் Tax Invoice என்று தானாக வந்து நிற்கும். அதை மாற்றி வெறும் பில் என்று வையுங்கள். இங்கே தேவதானத்தில் தன் தோப்பு மாங்காயை விற்கும் விவசாயிக்குப் பதிவும் வேண்டாம், வரியும் கிடையாது. வெள்ளைத்தாளில் எடையும் விலையும் தேதியும் எழுதிக் கையொப்பம் வாங்கினாலே நல்ல பில்தான்.

கடைசியாக, சட்டம் கேட்காத ஆனால் வயிறு கேட்கும் மூன்று விஷயம். பணம் எந்தத் தேதிக்குள் வர வேண்டும் என்பது. உங்கள் வங்கிக் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி எண்ணும். உற்பத்தியோ சேவையோ செய்யும் சிறு தொழிலாக உத்யம் பதிவு வாங்கியிருந்தால் அந்த எண்.

தேதி போடாத பில்லுக்கு "பாக்கலாம் அண்ணாச்சி" என்பதுதான் கெடு. உத்யம் எண்ணுக்கு வேறு பலம் உண்டு. குறு, சிறு தொழில்களிடம் வாங்கிய சரக்குக்கு எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில், இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. வட்டியை யாரும் கேட்பதில்லை, வாடிக்கையாளர் போய்விடுவாரே என்ற பயம். எனக்கும் புரிகிறது. ஆனால் 2024 முதல் வருமான வரியிலும் ஒரு கட்டு போட்டிருக்கிறார்கள். அந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, தரும் வருடம் வரை வாங்குபவர் செலவாகக் காட்ட முடியாது. ஆகவே இப்போது பெரிய கடைகளின் ஆடிட்டர்களே மார்ச் மாதம் பில்களைப் புரட்டி, எதில் உத்யம் எண் இருக்கிறது என்று தேடுகிறார்கள். எண் இல்லாத பில் அடியில் போய்விடும்.

நம் நைட்டிப் பையன் இப்போது வேறு செயலிக்கு மாறிவிட்டான். வாடிக்கையாளரைச் சேர்க்கும்போது மாநிலம் போடாமல் அது நகரமாட்டேன் என்கிறது. "இதோட தொல்லை தாங்கல சார்" என்று போன வாரம் சலித்துக்கொண்டான். நல்ல தொல்லைதான்ப்பா, வைத்துக்கொள் என்றேன். கொல்லத்துக் கடைக்காரர் திருத்தம் வந்ததைத் தன் பட்டியலில் பார்த்த பிறகு பிடித்த பணத்தை அனுப்பிவிட்டார். இப்போது மாதம் மூன்று லோடு எடுக்கிறார். அரசிடமிருந்து திரும்ப வர வேண்டியதற்கு விண்ணப்பம் போட்டிருக்கிறோம்.

பில் காட்ட விரும்புகிறவர்கள் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள். போட்டோ அனுப்புவதென்றால் எனக்குத் தனியாக அனுப்புங்கள். இந்தப் பதிவின் கீழே யாரும் பில்லைப் போட வேண்டாம். அதில் உங்கள் வங்கிக் கணக்கும் வாங்கியவரின் முகவரியும் இருக்கிறது.